காதுக்குக் கீழே கட்டி: புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட், ஆனாலும் ஆபரேஷன் வேண்டுமாம். ஏன்?

மலர்விழி, ஈரோடு

அம்மாவுக்கு 47 வயது. வலது காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பு வளைகிற இடத்தில் ஒரு கட்டி இருக்கிறது. ஐந்தாறு வருடமாகவே உண்டு. வலி கிடையாது, தொட்டால் நகரும், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வருடம் கொஞ்சம் பெரிதான மாதிரி தெரிந்ததால் காட்டினோம். ஸ்கேனில் 2.8 செ.மீ. ஊசி போட்டு எடுத்த எஃப்.என்.ஏ.சி. ரிப்போர்ட்டில் "பிளியோமார்ஃபிக் அடினோமா, மிலான் கேட்டகரி நான்கு ஏ" என்று வந்திருக்கிறது. நான்கு என்பதைப் பார்த்ததும் நாலாம் கட்டப் புற்றுநோய் என்று அம்மா நினைத்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

டாக்டர் தெளிவாகவே சொன்னார், இது புற்றுநோய் இல்லை என்று. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே இதை எடுத்துவிட வேண்டும், முகநரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆபரேஷனுக்குப் பிறகு வாய் கொஞ்ச நாள் கோணலாம் என்றார். "புற்றுநோய் இல்லாத கட்டிக்காக முகத்தில் கத்தி வைப்பானேன்?" என்று அப்பா கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை ராஜா

சகோதரி, உடலில் கட்டி என்று எது வந்தாலும் விட்டுவைக்கக் கூடாது. இன்றைக்குச் சாதாரணக் கட்டி, நாளைக்குக் கேன்சர். உடனே எடுத்துவிடுங்கள். ஊசி போட்டதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டியை ஊசியால் குத்தினால் உள்ளே இருப்பது கலைந்து பரவும் என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள்.

வேலுச்சாமி

எனக்கு முதுகில் பத்து வருடமாகக் கொழுப்புக் கட்டி இருக்கிறது. இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டு அப்படியே விடுங்கள் என்றார்கள். ராஜா சொல்வதைப் பார்த்தால் நானும் எடுக்க வேண்டுமா?

சுபா, லேப்

நான் ஒரு நோய்க்குறியியல் லேபில் வேலை பார்க்கிறேன். மலர்விழி, முதலில் அம்மாவிடம் அந்த நாலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அது நோயின் கட்டம் இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பியில் ஊசி போட்டு எடுத்த செல்களை ஆறு வகையாகப் பிரித்து எழுதும் முறை அது. 2018இல் வந்தது. நான்கு ஏ என்றால் "கட்டிதான், ஆனால் தீங்கற்ற வகை". ஐந்து என்றால் புற்றுநோய்ச் சந்தேகம், ஆறு என்றால் புற்றுநோய். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே லேபுக்குப் போன் செய்கிறவர்கள் உண்டு. ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போதே ஒரு வரி சொல்லி அனுப்பலாம், அதை யாரும் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ராஜா அண்ணா, இந்தச் சோதனைக்குப் பயன்படுவது ரத்தம் எடுக்கும் ஊசியைப் போலவோ அதைவிட மெல்லியதாகவோ இருக்கும் ஊசி. அதனால் கட்டி பரவும் என்ற பயம் நடைமுறையில் தேவையில்லை. இந்த இடத்தில் செய்யக் கூடாதது வேறு. தோலைக் கீறிக் கட்டியின் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துச் சோதிப்பதுதான் ஆபத்து. அப்படிச் செய்தால் கட்டியின் செல்கள் சுற்றிலும் சிந்திவிடும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஊசியில் வருவது கட்டியின் ஒரு மூலையிலிருந்து வரும் சில செல்கள்தான். மற்றொரு மூலையில் என்ன இருக்கிறது என்று அதை வைத்து முழு உறுதியாகச் சொல்ல முடியாது. எடுத்த பிறகு கட்டி முழுவதையும் வெட்டிப் பார்த்து எழுதுவதுதான் கடைசி ரிப்போர்ட்.

கதிர், இ.என்.டி.

நான் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர். காதுக்குக் கீழே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் பரோட்டிட் என்று பெயர். ஒரு அரசு மருத்துவமனையில் பரோட்டிட் சுரப்பிக் கட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மாவை நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

புற்றுநோய்க் கட்டி பக்கத்தில் இருக்கும் திசுவுக்குள் ஊடுருவும், நரம்பைத் தின்னும், நிணநீர் வழியாகவோ ரத்தம் வழியாகவோ வேறு இடத்தில் போய்க் குடியேறும். தீங்கற்ற கட்டி பக்கத்தில் இருப்பதைத் தள்ளிக்கொண்டு வளரும், உள்ளே நுழையாது. முகநரம்பை வைத்தே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். அந்த நரம்பு பரோட்டிட் சுரப்பியின் நடுவே போகிறது. அம்மாவுக்கு இருக்கும் வகைக் கட்டி பல வருடம் வளர்ந்து பெரிதாகி, நரம்பை நூலாக இழுத்துவிட்டிருந்தாலும் முகம் கோணாது. கண்ணை மூட முடியும், சிரிக்க முடியும். அந்த இடத்துக் கட்டியோடு ஆபரேஷனுக்கு முன்பே முகம் ஒரு பக்கம் தொய்ந்து ஒருவர் வந்தால், ஊசி ரிப்போர்ட் எதைச் சொன்னாலும் நான் புற்றுநோயைத்தான் முதலில் நினைப்பேன்.

ஆக உங்கள் டாக்டர் இது புற்றுநோய் இல்லை என்றது சரி. பரோட்டிட் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு தீங்கற்றவைதான். அவற்றில் அதிகம் வருவது இந்த வகை.

எடுக்கச் சொல்வதற்கு முதல் காரணம், இது தானாக நிற்காது, கரையாது. மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும். இன்று 2.8 செ.மீ. இருக்கையில் நரம்பைப் பிரித்து எடுப்பது ஒரு வேலை. பத்து வருடம் கழித்து 7 செ.மீ. ஆன பிறகு, கட்டியின் மேல் அப்பிக்கிடக்கும் நரம்பைப் பிரிப்பது முற்றிலும் வேறு வேலை. முகநரம்பின் மேல் இருக்கும் பயத்தால் தள்ளிப்போடுகிறவர்கள் அந்த நரம்புக்கான ஆபத்தைத்தான் கூட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, இந்த வகையில் ஒரு சிறு பங்கு நாளாக ஆகப் புற்றுநோயாக மாறும். முதல் ஐந்து வருடத்தில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு, நூற்றில் ஒன்று இரண்டு என்று சொல்வார்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் போனால் பத்து வரை வரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அப்படி மாறியது பெரும்பாலும் மோசமான வகைப் புற்றுநோயாக இருக்கும். பல வருடம் சும்மா இருந்த கட்டி சில மாதத்தில் திடீரென்று பெரிதாவது, வலிப்பது, நகராமல் ஒட்டிக்கொள்வது, முகம் தொய்வது, கழுத்தில் வேறு நெறி கட்டுவது ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

வேலுச்சாமி சார், உங்கள் கொழுப்புக் கட்டி வேறு சாதி. அது புற்றுநோயாக மாறுவதை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. 5 செ.மீ.க்கு மேல் போனாலோ, வேகமாக வளர்ந்தாலோ, வலித்தாலோ, தசைக்குள் ஆழமாக இருந்தாலோ மட்டும் காட்டுங்கள். ராஜா, எல்லாக் கட்டியையும் எடுக்க வேண்டும் என்பது சரியில்லை. சில வகை மாறும் என்று நீங்கள் சொன்னது சரி. எந்த வகை, எந்த இடம், யாருடைய உடம்பு என்பதை வைத்துத்தான் முடிவு.

பாண்டியன் 64

டாக்டர் ஐயா, எனக்கும் அதே இடத்தில் கட்டி. அதுவும் இரண்டு பக்கமும். நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவன். ஊசி ரிப்போர்ட்டில் வார்த்தின் கட்டி என்று வந்தது. எடுக்கத் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் ஏன் வேறு? எனக்குச் சொன்னது தப்போ என்று இதைப் படித்ததிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது.

கதிர், இ.என்.டி.

பாண்டியன் ஐயா, உங்களுக்குச் சொன்னது தப்பில்லை. வார்த்தின் கட்டி புகைப்பிடிப்பவர்களுக்கு, ஐம்பது அறுபது வயதுக்கு மேல் அதிகம் வரும். இரண்டு பக்கமும் வருவது அதன் குணம். அது புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. ஊசி ரிப்போர்ட் சந்தேகமில்லாமல் இருந்து, கட்டி தொந்தரவு செய்யாமலும் இருந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதே சுரப்பி, அதே இடம், இரண்டுமே தீங்கற்றவை, ஆனாலும் ஒன்றை எடுக்கிறோம், மற்றதை விடுகிறோம். மலர்விழி அப்பாவுக்கு இதையே சொல்லலாம். புற்றுநோயா இல்லையா என்ற கேள்வி முடிந்த பிறகு, இந்தக் கட்டி இனி என்ன செய்யும் என்ற கேள்வி தனியாக இருக்கிறது.

செண்பகம்

என் சித்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். இருபத்தெட்டு வயதில் இதே மாதிரி காதுக்குக் கீழே சின்னக் கட்டி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, கட்டியை மட்டும் நோண்டி எடுத்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தழும்பும் சின்னதுதான், எல்லோருக்கும் சந்தோஷம். எட்டு ஒன்பது வருடம் கழித்துத் தழும்புக்குக் கீழே சின்னச் சின்னதாக உருண்டைகள் வந்தன. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது ஏழோ எட்டோ தெரிந்தது. புற்றுநோய் இல்லை, அதே பழைய கட்டி வகைதான். ஆனால் இரண்டாவது ஆபரேஷன் ஐந்து மணி நேரம் ஆனது. சித்திக்கு இப்போதும் இடது கண் முழுதாக மூடாது. இரவில் களிம்பு போட்டு ஒட்டிக்கொண்டுதான் தூங்குகிறார். மலர்விழி, சின்ன ஆபரேஷன் போதும் என்று யாராவது சொன்னால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள்.

கதிர், இ.என்.டி.

செண்பகம் அம்மா எழுதியதை எல்லோரும் படிக்க வேண்டும். இந்தக் கட்டியைச் சுற்றி ஒரு உறை இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் வழவழப்பான உருண்டை மாதிரி தெரியும். ஆனால் அந்த உறை எல்லா இடத்திலும் முழுமையாக இருக்காது. நுண்ணோக்கியில் பார்த்தால் அதைத் தாண்டிச் சின்ன முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணிலிருந்து இஞ்சியைப் பிடுங்கும்போது பக்கத்துக் கணுக்கள் ஒடிந்து உள்ளேயே தங்கி மறுபடி முளைப்பதைப் போல, உறையை ஒட்டி நோண்டினால் முளைகள் தங்கிவிடும். உறை கிழிந்தால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் கொழகொழப்பான பகுதி சிந்தி, விழுந்த இடத்திலெல்லாம் வளரும். நோண்டி எடுக்கும் பழைய முறையில் ஐந்தில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ திரும்பி வந்தது. சுற்றியுள்ள நல்ல சுரப்பியையும் சேர்த்து எடுத்தால் அது நூற்றில் சிலருக்குத்தான்.

திரும்பி வரும்போது ஒன்றாக வராது, பலவாக வரும். முதல் ஆபரேஷனின் தழும்புத் திசுவுக்குள் நரம்பும் கட்டியும் சிக்கிக் கிடக்கும். அதனால்தான் சித்திக்கு அப்படி ஆனது. முதல் ஆபரேஷன்தான் நல்ல வாய்ப்பு.

கோவை குமரேசன்

எங்கள் பக்கத்து வீட்டில் இதே மாதிரிக் கட்டிக்கு மூலிகைப் பற்று போட்டார்கள், ஒரு மாதத்தில் வற்றிவிட்டது. கத்திக்கு முன்னால் அதையும் பார்க்கலாமே. ஆபரேஷன் எங்கே ஓடிவிடப் போகிறது?

சுபா, லேப்

குமரேசன் அண்ணா, அந்த இடத்தில் கிருமித் தொற்றால் நெறி கட்டும், சுரப்பியில் கல் அடைத்து வீங்கும். இவை தானாகவோ மருந்திலோ வற்றும். பக்கத்து வீட்டில் வற்றியது என்ன என்று ஊசி போட்டுப் பார்த்தார்களா? இந்த அம்மாவுக்கு வகை தெரிந்துவிட்டது. அது வற்றுகிற வகை இல்லை.

கதிர், இ.என்.டி.

பற்றால் தோல் வெந்து புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புண் ஆறும் வரை ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. வேண்டாம்.

மலர்விழி, ஈரோடு

எல்லோருக்கும் நன்றி. இதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் இப்போது கேட்பது ஒன்றுதான், அந்த நரம்பை எப்படிக் காப்பாற்றுவார்கள்? வாய் கோணுவது எத்தனை பேருக்கு?

கதிர், இ.என்.டி.

முழு மயக்கத்தில் செய்வது. காதுக்கு முன்னால் தொடங்கி, மடலைச் சுற்றி, கழுத்து மடிப்பு வரை கீறல் போகும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். நாங்கள் முதலில் கட்டியைத் தொடுவதில்லை, நரம்பைத் தேடுகிறோம். மண்டை ஓட்டிலிருந்து அது வெளியே வரும் இடம் மாறாது. காதுக் குருத்தெலும்பின் முனை, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு, அதிலிருந்து இறங்கும் ஒரு தசை, இந்த மூன்றையும் அடையாளம் வைத்து அடிமரத்தைக் கண்டுபிடிப்போம். அங்கிருந்து நரம்பு முதலில் இரண்டாகவும் பிறகு ஐந்தாகவும் பிரியும். ஒவ்வொரு கிளையாகப் பின்தொடர்ந்து, அதற்கு மேலே இருக்கும் சுரப்பியைக் கட்டியோடு சேர்த்துத் தூக்கி எடுப்போம். வசதி உள்ள இடங்களில் நரம்பு மானிட்டர் வைப்பார்கள், நரம்பைத் தூண்டினால் முகத்தசை துடிப்பதை அது காட்டும். அந்த நேரத்தில் தசையைத் தளர்த்தும் மருந்து வேலை செய்யக் கூடாது என்பதால் மயக்க மருத்துவரிடம் முன்பே பேசிவைப்போம்.

நரம்பு அறுபடாமல் இருந்தாலும், கையாண்டதாலேயே அது கொஞ்ச நாள் சோர்ந்துபோகும். நாலைந்து பேரில் ஒருவருக்காவது தற்காலிகமாக முகத்தில் பலவீனம் வரும். பெரும்பாலும் கீழ் உதடு ஒரு பக்கம் இறங்காது. சில வாரத்திலிருந்து சில மாதத்தில் சரியாகிவிடும். முதல் ஆபரேஷனில் நிரந்தரமாகத் தங்குவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது செய்பவரின் அனுபவத்தைப் பொறுத்து மாறும். அதனால் "இந்த ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்வீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

காது மடல் மரத்துப்போவது அதிகம் பேருக்கு வரும், ஒரு வருடம் வரைகூட இருக்கும். கம்மல் போடும்போது உணர்ச்சி தெரியாது, அதனால் கவனம் தேவை. சிலருக்கு மாதங்கள் கழித்துச் சாப்பிடும்போது கன்னத்தில் வியர்க்கும். உமிழ்நீருக்கான நரம்பு இழைகள் தோலின் வியர்வைச் சுரப்பியில் போய்ச் சேர்வதால் வருவது அது. ஆபத்தில்லை, தொந்தரவாக இருந்தால் ஊசி போட்டுக் குறைக்கலாம்.

ஆதவன்

டாக்டர், ஒரு விஷயத்தில் மாற்றுக் கருத்து. பதினைந்து வருடத்தில் பத்து சதவீதம் என்ற கணக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை வைத்து எழுதியது. பல வருடம் கட்டியோடு இருந்து ஒன்றும் ஆகாதவர்கள் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. அப்படியானால் உண்மையான ஆபத்து அதைவிடக் குறைவாகத்தானே இருக்கும்? பயமுறுத்துவதற்கு அந்த எண்ணைப் பயன்படுத்தலாமா?

இன்னொன்று. சுரப்பியின் பாதியை எடுக்காமல், கட்டியையும் சுற்றி மெல்லிய அளவு நல்ல திசுவையும் மட்டும் எடுக்கும் முறையும் இப்போது செய்கிறார்களே?

கதிர், இ.என்.டி.

முதல் கேள்வி நியாயமானது. பத்து என்பது மிகைதான் என்று நினைக்கும் மருத்துவர்கள் உண்டு, நானும் அதை மேல் எல்லையாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 47 வயதில் இருக்கும் ஒருவர் இன்னும் முப்பது வருடம் அந்தக் கட்டியோடு இருக்கப்போகிறார். ஆபத்து வருடத்துக்கு வருடம் கூடுவது என்பதால், எண் பாதியாக இருந்தாலும் என் ஆலோசனை மாறாது.

இரண்டாவதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சின்னதாக, நன்றாக நகரும், நரம்புக்கு மேலே உள்ள பகுதியில் இருக்கும் கட்டிக்கு அந்த முறையில் நல்ல பலன் கிடைப்பதாகச் செய்கிறவர்கள் சொல்கிறார்கள். முகப் பலவீனமும் குறைவாம். நான் அடிமரத்தைப் பார்க்காமல் செய்வதில்லை. செண்பகம் அம்மாவின் சித்திக்குச் செய்தது இது இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு உறையை ஒட்டி நோண்டினார்கள்.

மலர்விழி, ஈரோடு

ஆபரேஷன் முடிந்தது. இரண்டாம் நாள் டிரெயின் குழாயை எடுத்தார்கள். கண் நன்றாக மூடுகிறது, கீழ் உதடு மட்டும் ஒரு பக்கம் இறங்கவில்லை, தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிகிறது. நீங்கள் முன்பே சொல்லிவைத்ததால் யாரும் பதறவில்லை. கடைசி ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. பிளியோமார்ஃபிக் அடினோமா, புற்றுநோய்க்கான அடையாளம் எங்கும் இல்லை, உறை கிழியவில்லை. ஒரு இடத்தில் உறையைத் தாண்டி முளை இருந்ததாகவும், அதைச் சுற்றி நல்ல சுரப்பித் திசு இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். அப்பா அந்த வரியை இரண்டு மூன்று தடவை படித்தார்.

சுபா, லேப்

மலர்விழி, அந்த வரி நல்ல வரி. முளை இருந்தது, அதுவும் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். ரிப்போர்ட்டையும் எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். பத்து வருடம் கழித்து எங்காவது சின்ன உருண்டை தட்டுப்பட்டால் அப்போது தேடப்படுவது அதுதான்.

கதிர், இ.என்.டி.

உதட்டுக்குக் கண்ணாடி பார்த்துப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள், தொடர்ந்து செய்யச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும், ஆனால் ஐந்து வருடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கட்டி திரும்புவதாக இருந்தால் தாமதமாகத்தான் திரும்பும்.

தஞ்சை மீனா

இப்போதுதான் இந்த இழையைப் பார்த்தேன். எங்கள் தாத்தாவுக்கும் இதே ரிப்போர்ட். வயது 82. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. கட்டி 2 செ.மீ., மூன்று வருடமாக அதே அளவு. ஒரு டாக்டர் எடுங்கள் என்கிறார், இன்னொருவர் விடுங்கள் என்கிறார். தாத்தா வேண்டாம் என்கிறார்.

கதிர், இ.என்.டி.

மீனா, இங்கே நான் பெரும்பாலும் தாத்தா பக்கம். 82 வயதில் முழு மயக்கத்தாலும் மாத்திரையை நிறுத்துவதாலும் வரும் ஆபத்து, கட்டியின் ஆபத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

செண்பகம்

டாக்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நல்ல திடத்தோடு இருக்கும் 82 வயதுக்காரர்களும் உண்டு. இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள் மீனா. கட்டி பெரிதானால் அப்போது வயது 85 ஆகியிருக்கும்.

தஞ்சை மீனா

அடுத்த வாரம் இதய டாக்டரைப் பார்க்கப் போகிறோம் அக்கா. அவர் என்ன சொன்னார் என்று எழுதுகிறேன்.